பூனைக்கு மூச்சு வாங்குகிறது: ஆஸ்துமாவா, இதயமா?

நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெயில் என்று விட்டுவிடலாம். பூனை அப்படி மூச்சு வாங்கினால் பெரும்பாலும் உடம்பில் ஏதோ பெரிதாகக் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவர்களே தடுமாறுவது இரண்டில்தான்: ஆஸ்துமா, இதயச் செயலிழப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பூனைகளும் ஒரே மாதிரி முழங்கையை விரித்து, கழுத்தை நீட்டி, வயிறு ஏறி இறங்க உட்கார்ந்திருக்கும். மருந்துகளோ எதிரெதிர். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் வேண்டும். இதயம் தளர்ந்த பூனைக்கு உடம்பில் சேர்ந்த நீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், ஏற்கெனவே தத்தளிக்கும் இதயம் இன்னும் அமிழ்ந்துவிடக்கூடும்.

எக்ஸ்ரேக்கு முன்பே ஒரு துப்பு கிடைக்கும். அது இருமல். இதய நோய் வந்த நாய் இருமும். பூனை பெரும்பாலும் இருமாது. பூனை தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி, ‘ஹக் ஹக்’ என்று இருமுகிறது என்றால் சந்தேகம் மூச்சுக்குழாய் மீதுதான் விழவேண்டும். வீட்டில் இருப்பவர்கள் பலர் இதை முடி உருண்டையைக் கக்க முயல்வதாக நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இருமலே இல்லாமல், இரண்டு மூன்று நாளாகச் சாப்பாடு குறைந்து, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வேகவேகமாக மூச்சு விட்டால் இதயத்தை முதலில் நினைக்க வேண்டும். உடம்பு சில்லிட்டிருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

எக்ஸ்ரேயில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மூச்சுக்குத் திணறும் பூனையை மேசையில் மல்லாத்தி, கையையும் காலையும் இழுத்துப் பிடித்தால் அங்கேயே உயிர் போய்விடலாம். முதலில் ஆக்சிஜன், லேசான மயக்க ஊசி, கொஞ்சம் அமைதி. அதன் பிறகும் குப்புறப் படுக்க வைத்து ஒரு படம், தாங்கினால் மட்டும் பக்கவாட்டில் இன்னொன்று. படத்துக்காகப் பூனையைப் பணயம் வைக்கக் கூடாது.

ஆஸ்துமாவில் காற்று உள்ளே போய்விடும். வெளியே வரத்தான் கஷ்டம். வீங்கிச் சுருங்கிய குழாய்களுக்குப் பின்னால் காற்று சிக்கிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் காற்று கருப்பு, நீரும் தசையும் வெள்ளை. அதனால் ஆஸ்துமா பூனையின் நுரையீரல் வழக்கத்தைவிடக் கருத்து, பெருத்துத் தெரியும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே வளைந்து நிற்க வேண்டிய உதரவிதானம் பின்னால் தள்ளப்பட்டுத் தட்டையாகிவிடும். தடித்த மூச்சுக்குழாய்ச் சுவர்கள் குறுக்காக வெட்டுப்பட்ட இடங்களில், மெதுவடையை மேலிருந்து பார்த்தது போல, நடுவில் கருப்பு ஓட்டையுடன் வெள்ளை வளையங்களாகத் தெரியும். நீளவாக்கில் தெரியும் இடங்களில் இணையாக ஓடும் இரண்டு வெள்ளைக் கோடுகள். சில பூனைகளில் வலது நடு மடலின் குழாயைச் சளி அடைத்து, அந்த மடல் காற்றிழந்து சுருங்கி, இதயத்தை ஒட்டி ஒரு வெள்ளை முக்கோணமாக நிற்கும்.

இதயச் செயலிழப்பில் கதை வேறு. பூனைகளுக்கு அதிகம் வரும் இதய நோயில் இடது கீழறையின் சுவர் தடித்துவிடுகிறது. தடித்த சுவர் சரியாகத் தளராததால், இரத்தம் நிரம்ப வழியின்றி மேலறையில் தேங்கும். மேலறை புடைக்கும், நுரையீரலிலிருந்து வரும் சிரைகளில் அழுத்தம் ஏறும், நீர் கசிந்து நுரையீரலுக்குள்ளும் பல சமயம் அதைச் சுற்றியுள்ள இடத்திலும் சேரும். இங்கேதான் படம் பார்ப்பவர் ஏமாறுகிறார். கீழறைச் சுவர் உள்நோக்கித் தடிப்பதால், கடும் நோய் இருக்கும்போதும் இதயத்தின் வெளி வடிவம் சாதாரணமாகவே இருக்க முடியும். ‘இதயம் பெருசா இல்லை, அப்போ இது ஆஸ்துமா’ என்று முடிவு கட்டுவது பூனை விஷயத்தில் மிகவும் அபாயகரமான குறுக்குவழி என்பது என் உறுதியான எண்ணம்.

இதயத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பார்க்க ஒரு முறை இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புக்கானன் 1995-இல் நாய்களுக்காக அதை வெளியிட்டார். 2000-இல் ஆனெட் லிட்ஸ்டருடன் சேர்ந்து பூனைகளுக்கும் அளவு சொன்னார். பக்கவாட்டுப் படத்தில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து இதயத்தின் நுனி வரை நீளத்தை எடுக்க வேண்டும். அதற்குச் செங்குத்தாக, மிக அகலமான இடத்தில் அகலத்தை எடுக்க வேண்டும். இரண்டையும் முதுகெலும்பின் மேல் வைத்து, மார்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பிலிருந்து எண்ணினால் எத்தனை முள்ளெலும்பு நீளம் வருகிறதோ, அவற்றைக் கூட்டுவதுதான் கணக்கு. பூனையின் எலும்பையே அளவுகோலாக வைப்பதால் பெரிய பூனை, சிறிய பூனை என்ற பேதம் வராது. நல்ல பூனைகளில் சராசரி 7.5. மூச்சுத் திணறும் பூனையில் 8-க்குள் இருந்தால் இதயத்தின் மேல் சந்தேகம் குறையும்; 9.3-ஐத் தாண்டினால் இதய நோய்தான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். நடுவில் விழும் பூனைகளுக்கு இந்த எண் உதவாது. அப்படி நடுவில் விழுபவை நிறைய.

அப்படி ஒன்று என்னிடம் வந்தது. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பெர்சியன், ஏழு வயது. அதே வீட்டில் இன்னொரு பூனைக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. வீட்டில் இன்ஹேலரும் இருந்தது. கொண்டுவந்த அம்மா கேட்டார்: “டாக்டர், இவனுக்கும் அதே இழுப்புதானே? அந்த இன்ஹேலரையே வச்சுப் பார்க்கட்டுமா?”

“இருமினானா அம்மா?”

“இல்லையே. ஒரு தடவைகூட இருமலை. மூச்சுதான் மூணு நாளா வேகமா வாங்குது.”

பேச்சுவாக்கில் இன்னொன்றும் வந்தது. பத்து நாளைக்கு முன் தோல் அரிப்புக்காக வேறொரு இடத்தில் நாள்பட வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். அமைதியாக நோய் ஒளிந்திருக்கும் பூனை இதயத்தை அந்த ஊசி தளரவைத்துவிடுவது உண்டு. ஆனால் அவனுக்கு இதய நோய் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

ஆக்சிஜன் கொடுத்து எடுத்த படத்தில் அளவு 8.6 வந்தது. எதையும் சொல்லாத எண். நுரையீரலில் ஆங்காங்கே பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளைத் திட்டுகள். நாயில் இதய நீர் பெரும்பாலும் இதயத்தின் அடிப்பக்கத்தைச் சுற்றிச் சேரும். பூனையில் அது எங்கு வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் சிதறிக் கிடக்கும். படத்தில் சில வளையங்களும் இருந்தன. கசிந்த நீர் மூச்சுக்குழாய்களைச் சுற்றித் தேங்கினால் அதுவும் வளையமாகத்தான் தெரியும். வளையத்தை மட்டும் பார்த்திருந்தால் ஆஸ்துமா என்று எழுதியிருக்கலாம்.

வீட்டிலிருந்த ஆஸ்துமா பூனையின் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அதில் உதரவிதானம் முதல் இடுப்பு முள்ளெலும்பு வரை பின்னுக்குப் போய்த் தட்டையாக நின்றது. இதயம் கருத்த நுரையீரலுக்கு நடுவே சின்னதாக இருந்தது. புதிய படத்தில் உதரவிதானம் நன்றாக வளைந்தே இருந்தது. சிக்கிய காற்று இல்லை. குப்புறப் படுத்த படத்தில் ஒன்பதாவது விலா எலும்பைக் கடக்கும் இடத்தில் நுரையீரல் தமனியையும் சிரையையும் பார்த்தோம். விலா எலும்பின் அகலத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் தெளிவாகத் தடித்திருந்தன. ஆஸ்துமாவில் இரத்தக் குழாய்கள் இப்படிச் சேர்ந்து பெருப்பதில்லை. நுரையீரல் மடல்களுக்கு நடுவே ஊசி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மடல்களின் ஓரங்கள் மார்புச் சுவரிலிருந்து சற்றே விலகி மழுங்கியிருந்தன. நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் நீர் இருந்தது என்பதற்கு அது அடையாளம். ஆஸ்துமா அந்த இடத்தில் நீர் சேர்ப்பதில்லை. மேலறைகள் புடைத்ததால் இதயத்தின் மேற்பகுதி இருபுறமும் விரிந்து, சீட்டுக்கட்டு ஆர்ட்டின் வடிவம் லேசாக வந்திருந்தது.

சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசிமைட் ஊசி, கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் போட்டு, ஆக்சிஜன் பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலை எடுத்த படத்தில் பஞ்சுத் திட்டுகளில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது, வளையங்களும்கூட. வீங்கித் தடித்த ஆஸ்துமாக் குழாய்ச் சுவர்கள் ஒரு நீர் மருந்தால் ஒரே இரவில் இப்படி மறையாது. இதய எக்கோவில் கீழறைச் சுவர் 7 மில்லிமீட்டர் இருந்தது. 6-ஐத் தொட்டாலே தடித்தது என்று கொள்வது வழக்கம். இடது மேலறை, பக்கத்திலிருக்கும் பெருந்தமனியைப்போல இரு மடங்கு அகலம் இருந்தது. ஒன்றரை மடங்கைத் தாண்டினாலே பெரிது.

எல்லாப் படமும் இவ்வளவு பேசாது. ஆஸ்துமா பூனையின் படம் முழுக்கச் சாதாரணமாகவே வருவது உண்டு. அதனால் நல்ல படம் ஆஸ்துமாவைத் தள்ளிவிடாது. மூச்சை வெளியே விட்ட நொடியில் எடுத்தால் நல்ல நுரையீரலும் வெளுத்து, நீர் கோத்தது போலத் தெரியும். குண்டுப் பூனையில் இதயத்தைச் சுற்றிய கொழுப்பு இதயத்தைப் பெரிதாகக் காட்டிவிடும். வளையங்களை உண்டாக்குவது ஆஸ்துமா மட்டுமல்ல. நுரையீரல் புழுக்களும் அதே மாதிரி காட்டும், அவற்றுக்கு மலப் பரிசோதனை செய்ய வேண்டும்.

படம் முடிவு சொல்லாதபோது மார்பின் மேல் அல்ட்ராசவுண்டை ஒரு நிமிடம் வைத்து மேலறை பெருத்திருக்கிறதா, நீர் இருக்கிறதா என்று பார்க்கலாம். நிறைய நீர் இருந்தால் ஊசியால் உறிஞ்சியதுமே மூச்சு எளிதாகும். இதயச்சுவர் இழுபடும்போது இரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைக் கிட்டும் உண்டு. அதன் முடிவு இயல்பாக வந்தால் மூச்சுத் திணறலுக்கு இதயம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இவற்றில் எதுவும் கையில் இல்லாத இடத்தில், ஆக்சிஜனும் ஒரு வேளை ஃபுரோசிமைட்டும் கொடுத்து மூச்சு குறைகிறதா என்று சில மணி நேரம் பார்ப்பதும் ஒரு சோதனைதான். ஆஸ்துமா பூனைக்கு அந்த ஒரு ஊசியால் பெரிய கெடுதல் வராது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தையும் முயன்று பார்க்கலாம், இதயம் வேகமெடுக்கிறதா என்று கவனித்தபடி. நீண்ட நாள் நிற்கும் ஸ்டீராய்டை மட்டும் நிறுத்தி வைப்பேன். உள்ளே போன பிறகு அதை வெளியே எடுக்க முடியாது.

பெர்சியன் இன்று மாத்திரையில் இருக்கிறான். அந்த அம்மா தினமும் அவன் ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்தில் மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணி, காலண்டர் ஓரத்தில் எழுதி வைக்கிறார். 30-க்குள் இருக்கும் வரை மருந்து வேலை செய்கிறது. ஏறத் தொடங்கினால், அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்கு முன்பே எங்களுக்கு போன் வரும்.