வராத மகளும் நிற்கும் படம்

மணிவிழா முடிந்ததும் ஸ்டுடியோவில் ஒரு படம் செய்து தருவார்கள். நடுவில் மாலையும் கழுத்துமாகத் தம்பதி. லீவு கிடைக்காமல் டொராண்டோவிலேயே இருந்துவிட்ட மூத்த மகளை வேறொரு படத்திலிருந்து வெட்டிப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள். மேலே மேகத்துக்குள், காலமான தாத்தா.

இதை ஃபேஸ்புக்கில் போட்டால், பார்வையில்லாத அத்தையின் போனில் டாக்பேக் என்ன வாசிக்கும்? நாம் எதுவும் எழுதாவிட்டால், நான்கு பேர் இருக்கலாம் என்கிற மாதிரி ஃபேஸ்புக்கே ஊகித்து ஒன்றைச் சொல்லும். யார் யார் என்பது அதில் இருக்காது. அதற்குத்தான் மாற்று உரை. படத்தைத் திருத்தும் பகுதியில் Alt text என்று இருக்கும் இடத்தில் எழுதினால், திரையில் தெரியாது. அத்தையின் விரல் படத்தைத் தொட்டதும் குரலாக வரும்.

ஒட்டுப் படத்தில்தான் வம்பு. 'மகள் அப்பா அருகில் நிற்கிறாள்' என்று மட்டும் எழுதினால், ஊருக்கு வந்தவள் தன்னை எட்டிப் பார்க்கவில்லையே என்று அத்தை கோபித்துக்கொள்வார். நமக்கு வெட்டிய ஓரமும் மாறிய வெளிச்சமும் காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். இப்படி எழுதலாம்:

'செல்வராஜ், கமலா மணிவிழா. மூன்று படங்களை ஒட்டிச் செய்தது. நடுவில் இருவரும் மாலையோடு, சிரித்தபடி. செல்வராஜுக்குப் பக்கத்தில் மூத்த மகள் கவிதா. விழாவுக்கு வரவில்லை, டொராண்டோவில் எடுத்த படத்திலிருந்து சேர்த்தது. மேலே மேகத்துக்குள், காலமான அப்பா முத்தையாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம், மார்பு வரை. கீழே எழுதியிருப்பது: மணிவிழா வாழ்த்துகள்.'

'படம்' என்று தொடங்கவில்லை; படம் என்பதை டாக்பேக்கே சொல்லிவிடும். என்ன விழா, ஒட்டியது என்ற இரண்டும் முதலிலேயே வந்துவிட்டன, பாதியில் விரலை நகர்த்தினாலும் அவை காதில் விழுந்திருக்கும். 'இடது, வலது' என்றால் யாருக்கு இடது என்ற குழப்பம் வரும். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதே தெளிவு. உறவுமுறையிலும் கவனம் வேண்டும். நமக்குச் சித்தப்பா, இன்னொருவருக்கு மாமா. அதனால் பெயரைச் சொல்லி, விழா நாயகரை வைத்தே உறவைச் சொல்வது நல்லது. நிறம், புடவை எல்லாம் கேட்பவரைப் பொறுத்தது. நடுவயதில் பார்வை போனவர் அரக்குப் பட்டா என்று ஆசையாகக் கேட்பார். இருபது பேர் நிற்கும் படமென்றால் மாற்று உரையில் சுருக்கம் போதும், பெயர்ப் பட்டியலைப் பதிவிலேயே எழுதிவிடலாம்.

எழுதியதைப் படம் பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டி, 'விழாவுக்கு வராதவர் யார்?' என்று கேளுங்கள். தடுமாறினால் திருத்துங்கள்.

மாற்று உரை ஃபேஸ்புக் பதிவோடுதான் இருக்கும். படத்தைச் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கூட வராது. அங்கே அதே வரிகளைப் படத்தின் கீழே ஒட்டி அனுப்புங்கள்.