கடிதத்தில் இல்லாத 99 தாங்கிகள்

திருகோணமலையில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது 1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் போய்விடுவார்கள். பேசுபவர்களில் பெரும்பாலோர் மூலத்தை வாசித்தவர்களல்ல, சுருக்கங்களை வாசித்தவர்கள். அந்தச் சுருக்கங்களை எப்படிச் சரிபார்ப்பது?

மூலம் எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். துறைமுகத்தையும் தாங்கிகளையும் பற்றிய விடயங்கள் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் உடலில் இல்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில்தான் அவை இருக்கின்றன.

பேச்சுவாக்கில் காதில் விழுவதை வைத்து நானே ஒரு சுருக்கம் எழுதுகிறேன்: “1987 கடிதத்தின்படி, திருகோணமலைத் துறைமுகத்தைச் சீனா போன்ற நாடுகளின் இராணுவத் தேவைக்குக் கொடுக்கக்கூடாது. அங்குள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளையும் 50 ஆண்டுகளுக்கு இந்தியா இயக்கும். இலங்கையில் உள்ள வெளிநாட்டு இராணுவத்தினர் பற்றியும் இணக்கம் காணப்படும்.”

சரளமாக இருக்கிறது, சந்தேகமும் எழாது. இதை இரண்டு தடவை, இரண்டு திசையில் வாசிக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாசிப்பில் முடிக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கட்டாயம் தப்பிவிடும்.

முதல் வாசிப்பு மூலத்திலிருந்து சுருக்கத்துக்கு. சுருக்கத்தைப் பார்க்கும் முன்பே கடிதத்தின் முக்கிய விடயங்களை ஒரு தாளில் குறித்துவிட வேண்டும். பிறகு குறித்தால், சுருக்கம் சொன்னதுதான் முக்கியம் என்று மனம் நம்பத் தொடங்கிவிடும். கடிதத்தில் இலங்கைத் தரப்பில் நான்கு விடயங்கள் உள்ளன. வெளிநாட்டு இராணுவ, புலனாய்வு ஆட்களின் தேவை பற்றி விரைவில் இணக்கம் காண்பது ஒன்று. திருகோணமலையோ வேறு எந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கிடைக்காது என்பது இன்னொன்று. தாங்கித் தொகுதியைச் சீரமைத்து இயக்குவது இரு நாடுகளின் கூட்டு முயற்சி என்பது மூன்றாவது. வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடனான உடன்பாட்டை மீளாய்வு செய்வது நான்காவது. இவற்றுக்கு ஈடாக, பயங்கரவாதத்தில் ஈடுபடும் அல்லது பிரிவினையை ஆதரிக்கும் இலங்கையரை நாடு கடத்துவதாகவும், இலங்கைப் படைகளுக்குப் பயிற்சி வசதியும் இராணுவப் பொருட்களும் தருவதாகவும் இந்தியா சொல்கிறது.

இப்போது ஒப்பிட்டால், ஒலிபரப்பு விடுபட்டிருப்பது தெரிகிறது. திருகோணமலை வாசகருக்காக எழுதியதென்றால் அதை மன்னிக்கலாம். ஆனால் இந்தியா தந்த வாக்குறுதிகள் மொத்தமாக விடுபட்டதை மன்னிக்க முடியாது. கொடுக்கல் வாங்கலாக இருந்த கடிதம் ஒருதலைக் கட்டளையாக மாறிவிட்டது. விடுபட்டவை எத்தனை என்று எண்ணுவதைவிட, விடுபட்டதால் மூலத்தின் குணம் மாறியதா என்று கேட்பதே சரியான அளவு. “இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில்” என்ற நிபந்தனை உதிர்ந்ததும் இதே வகைதான். அது இல்லாவிட்டால் முழுத் தடை போலாகிவிடும்.

இரண்டாம் வாசிப்பு சுருக்கத்திலிருந்து மூலத்துக்கு. பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பெயருக்கும் கீழே கோடிட்டு, இது கடிதத்தில் எந்தப் பந்தியில் இருக்கிறது என்று கேளுங்கள். “சீனா” எங்குமில்லை, அந்தப் பந்தி எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. இன்றைய கவலையைச் சுருக்கம் பழைய கடிதத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது. “99” என்ற எண்ணும் அதில் இல்லை. சீனக்குடாவில் 99 தாங்கிகள் இருப்பது உண்மைதான், ஆனாலும் இந்த மூலம் அதைச் சொல்லவில்லை. வாசகரை ஏமாற்றுவதில் இந்த வகைச் சேர்க்கைக்கு நிகரில்லை. உண்மையாக இருப்பதால் யாரும் தேடிப்பார்க்க மாட்டார்கள்.

“50 ஆண்டுகள்” இன்னும் மோசம். அது 2022 ஜனவரி 6இல் கைச்சாத்தான உடன்படிக்கைகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அங்கும் 99 தாங்கிகளும் இந்தியாவுக்குப் போகவில்லை. 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் பிரிந்தன. அந்தக் கூட்டு நிறுவனத்திலும் 51 வீதம் கூட்டுத்தாபனத்துடையது. “இந்தியா இயக்கும்” என்பதில் “கூட்டு” என்ற ஒரு சொல் காணாமல் போனதால் வந்த வினை இது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எது முக்கியம் என்பதில் நேர்மையான இருவர் வேறுபடலாம். ஓர் எண் மூலத்தில் இருக்கிறதா என்பதில் வேறுபட வழியில்லை. ஆகவே நேரம் குறைவென்றால் இரண்டாம் வாசிப்பை முதலில் செய்யுங்கள். கடிதம் சில பந்திகள்தான். அடுத்த முறை தாங்கிகள் பற்றிய வாக்குவாதத்தில் இறங்கும் முன் அதைத் தேடியெடுத்து வாசித்துவிடுங்கள்.