வகுப்பறைச் சன்னல் – 14: மூடினாலும் மூடாத அலகு

துணி கிளிப், இடுக்கி, பாக்குவெட்டி, உறிஞ்சுகுழல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எது எந்தப் பறவையின் அலகு என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பொருத்திப் பார்த்தது சென்ற வாரக் கதை. இந்த வாரம் டார்வின் குருவிகள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு நத்தை ஓடு கைக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் நகர முடியவில்லை.

கருவிகளைப் பொருத்தி முடித்த மறுநாளே பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னாலுள்ள ஏரிக்கரைக்கு அழைத்துப்போனோம். இரண்டு பேருக்கு ஒரு பறவை, ஒரு நோட்டு. விரித்த நோட்டின் இடப்பக்கத்தில் அலகை வரைய வேண்டும்: தலையைவிட நீளமா குட்டையா, அடி தடிப்பா மெலிவா, நுனி கூரா வளைவா. அதைப் பார்த்து, பறவை என்ன தின்னும் என்று தோன்றுவதை அங்கேயே எழுதிவிட வேண்டும். வலப்பக்கம் கண்ணால் பார்த்ததற்கு மட்டும். இடப்பக்கத்தை எழுதிய பிறகுதான் இரை எடுப்பதைக் கவனிக்கலாம், எழுதியதை அழிக்கக் கூடாது. விதி இவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத இடங்களில்தான் எனக்கு ஆசை அதிகம். சிட்டுக்குருவிக்கு இடப்பக்கம் ‘தானியம்’ என்றிருந்தது. வலப்பக்கம், பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் நுழைந்தது என்றிருந்தது. குஞ்சுக்குப் புழு பூச்சிதான் கொடுக்கும், தானியம் தாய்க்கும் தந்தைக்கும். தேன்சிட்டைக் கவனித்த இருவர், அது சிலந்தி வலையிலிருந்து சிலந்தியைக் கொத்தியதை எழுதியிருந்தார்கள். உண்ணிக்கொக்குக்கு எல்லோரும் ‘மீன்’ என்றார்கள். அது எருமையின் காலடியில் கிளம்பிய வெட்டுக்கிளிகளைப் பிடித்தபடி நடந்தது. ஓர் அலகுக்கு ஓர் இரை என்று கோடு போட்டு இணைக்கும் பாடப்பயிற்சியில் இவை எதுவும் வராது.

இப்போது நத்தைக்குத்தி நாரை. வேடந்தாங்கலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிற்கும் வயல் எதிலும் பார்க்கலாம். அலகை முழுக்க மூடினாலும் மேலலகும் கீழலகும் அடியிலும் நுனியிலும் மட்டும் சேரும். நடுவில் ஒளி புகும் இடைவெளி. பார்த்தவுடன் கேள்வி எழுப்பும் அலகு அது.

அதைக் கவனித்த மாணவி இடப்பக்கத்தில் எழுதியது: ‘பாக்குவெட்டி மாதிரி. நத்தையை நடுவில் வைத்து நொறுக்கும்.’ முதல்நாள் மேசையில் பாக்குவெட்டியை வைத்தது நான்தான். அவள் பதிலில் என் கையும் இருந்தது.

வலப்பக்கம் மூன்று நாள் வெறுமையாகவே இருந்தது. நாரை அலகைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு ஆழமில்லாத தண்ணீரில் படபடவென்று குத்தித் தேடும். சில நேரம் தலையும் கழுத்தும்கூட நீருக்குள் போய்விடும். நத்தை கிடைத்தாலும் வேலை நீருக்கடியிலேயே நடக்கும். தலையைத் தூக்கும்போது சதை தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். “எதுவுமே தெரியல சார்” என்றாள். தெரியாவிட்டால் மிச்சத்தைப் பார் என்றேன்.

பார்த்தாள். நாரை நின்று தின்று பறந்த இடத்துக்கு உடனே போய் ஓடு பொறுக்கினாள். இந்த ‘உடனே’ முக்கியம். கோடையில் செத்த நத்தையின் ஓடும் கரையில் கிடக்கும். அது வெளுத்து, மேல்தோல் உரிந்து, சுண்ணாம்பு போல் இருக்கும். எலி கொறித்த ஓட்டின் விளிம்பில் பல் தடம் தெரியும். இந்த இரண்டையும் ஒதுக்கிய பிறகு, தோலின் பழுப்பு மங்காமல், உள்ளே ஈரத்தோடு 14 ஓடுகள் மிஞ்சின. இரண்டில் வாய் விளிம்பு சிறிது சிதைந்திருந்தது. மற்ற 12 ஓடுகளில் கீறல்கூட இல்லை, உள்ளே நத்தையும் இல்லை.

பாக்குவெட்டியில் வைத்த பாக்கு முழுசாக வெளியே வருமா?

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் எனக்குத் தூக்கம் போனது. ஜூலியன் ஹக்ஸ்லி, யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநராக இருந்த உயிரியலாளர், இதே அலகைப் பற்றி 1960-இல் எழுதியிருக்கிறார். பதப்படுத்திய உடல்களையும் பழைய குறிப்புகளையும் ஆராய்ந்து அவர் வந்த முடிவும் இதுவே: இடைவெளி நத்தையை வைத்து உடைக்கும் இடம், அலகின் ஓரம் சொரசொரப்பாக இருப்பது அந்தத் தேய்மானத்தால். ஏழாம் வகுப்பு மாணவி இடப்பக்கத்தில் எழுதியதை ஹக்ஸ்லியும் எழுதியிருக்கிறார். இருவருக்கும் அலகு கிடைத்தது, வேலை செய்யும் அலகு கிடைக்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த முடிவைத் தள்ளிவிட்டன. சொரசொரப்பு, வழுக்கும் ஓட்டைப் பிடிக்க உதவும் என்பது இப்போதைய கருத்து.

உண்மையில் வேலை செய்வது நுனி. கீழலகின் நுனி பெரும்பாலும் வலப்பக்கமாகச் சற்றே முறுக்கியிருக்கும். அதை நத்தையின் வாய்க்குள் நுழைத்து, ஓட்டோடு பிடித்திருக்கும் சதையை விடுவித்து, உடலை இழுத்துவிடுகிறது. சின்ன நத்தையாக இருந்தால் இந்தச் சிரமம் இல்லை, அப்படியே விழுங்கும் அல்லது நசுக்கும். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த பறவையியலாளர் ஜெர்டன், கண்ணைக் கட்டினாலும் இந்த நாரை நத்தை பிடித்துவிடும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். கலங்கிய நீரில் கண்ணுக்கு என்ன வேலை, தொடுகையே போதும்.

நுனி ஏன் வலப்பக்கம் முறுக்கியிருக்கிறது? அந்த 14 ஓடுகளில் ஒன்றை, கூம்பு நுனி மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருக்கும். வயல் நத்தைகள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். ஆனால் நம் வழக்கில் இதன் பெயர் வலம்புரி இல்லை! சங்கை நாம் கூம்பு நுனி கீழே இருக்கும்படி பிடித்துப் பார்க்கிறோம், அதனால் பக்கம் மாறிவிடுகிறது. கோயிலில் வைத்துப் போற்றும் வலம்புரிச் சங்கைக் கூம்பு மேலே இருக்கப் பிடித்தால் வாய் இடப்பக்கம் வரும். அது அபூர்வம். ஊரெல்லாம் கிடைக்கும் சங்கும் வயல் நத்தையும் இடம்புரிதான். பூசையறைப் பொருளும் நாரையின் சாப்பாடும் ஒரே கணக்கில் வருவது எனக்கு இந்த வாரம் முழுக்கச் சந்தோஷம் தந்தது. முறுக்கிய நுனி, வலப்பக்கம் திறந்த வாய்க்குள் நுழைய வசதி என்று எண்ண இடமிருக்கிறது.

அப்படியானால் நடு இடைவெளி? இதற்குக் குஞ்சுகள் பதில் சொல்லுகின்றன. இளம் நாரைக்கு இடைவெளியே இல்லை, அலகு நேராக மூடும். வயது ஏற ஏறத்தான் விரிகிறது. இடைவெளி இல்லாத காலத்திலும் அது நத்தை பிடித்துத் தின்கிறது. ஆக, இடைவெளி இல்லாவிட்டாலும் பிழைப்பு நடக்கும். வளைந்த அலகுகளின் நுனிகள் அதிகக் கோணத்தில் சந்திப்பதால் ஓட்டின் மேல் கூடுதல் விசை கிடைக்கலாம் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. நேரான இடுக்கி, வளைந்த இடுக்கி இரண்டாலும் ஈர நத்தையைத் தூக்கிப் பாருங்கள், வித்தியாசம் விரலில் தெரியும்.

மாணவி வலப்பக்கத்தில் எழுதினாள்: ‘ஓடு உடையவில்லை. நுனியால் எடுக்கிறது. இதை நான் நேரில் பார்க்கவில்லை, ஓட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.’ அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லித்தரவில்லை.

டார்வின் குருவிகளுக்கு இடம் போதவில்லை. கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னே மேஜர் தீவில் 1977-இல் மழை பொய்த்தது. சிறிய விதைகள் தீர்ந்தன, முள் நிறைந்த கெட்டிக் காய்கள் மிஞ்சின. அவற்றை உடைக்க முடிந்த தடித்த அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன. அந்த முள்காய்ச் செடி நம் நெருஞ்சியின் நெருங்கிய உறவு. அடுத்த வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து நெருஞ்சிமுள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். குறடு நான் கொண்டுபோகிறேன்.