அறுபத்து நான்கு கட்டங்களில் ஒரு கடன்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற அரபு வரலாற்றாசிரியர் எழுதிவைத்த வடிவத்தில், சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சிஸ்ஸா என்பவர் இந்திய மன்னர் ஒருவரிடம் பரிசாகக் கோதுமை கேட்கிறார். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் தலபுராணத்தில் கண்ணனே முனிவர் வேடத்தில் வந்து மன்னரைச் சதுரங்கத்தில் தோற்கடித்து அரிசி கேட்கிறார். அந்தக் கடனின் தவணையாகத்தான் அங்கே இன்றும் பால் பாயசம் வழங்கப்படுகிறது என்பது நம்பிக்கை. வணிகரை வைத்துச் சொல்லப்படும் வடிவம் எளிமையானது.

மன்னர் ஒருவர் ஒரு வணிகரிடம் கடன் பட்டிருந்தார். திருப்பித் தரும் நாள் வந்தபோது, பொன்னாக வேண்டுமா நிலமாக வேண்டுமா என்று கேட்டார். வணிகர் அங்கிருந்த சதுரங்கப் பலகையைக் காட்டி, “முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி. அடுத்தடுத்த கட்டத்துக்கு முந்தையதைப் போல் இரு மடங்கு. 64 கட்டங்களும் நிறைந்தால் என் கடன் தீர்ந்தது, மன்னா” என்றார். “இவ்வளவுதானா?” என்று சிரித்த மன்னர், களஞ்சியக் காவலரை அழைத்து ஒரு மூட்டை அரிசி கொண்டுவரச் சொன்னார்.

மன்னர் சிரித்ததில் வியப்பில்லை. கட்டத்துக்கு ஒன்று கூட்டி 1, 2, 3 என்று 64 வரை வைத்திருந்தால் மொத்தம் 2,080 அரிசிதான். அது ஒரு கைப்பிடி. இரட்டிப்பதும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றும். முதல் வரிசையின் எட்டாவது கட்டத்துக்கு வேண்டியது 128 அரிசி. 16ஆம் கட்டத்துக்கு 32,768. ஒரு கிலோவில் சுமார் 50,000 அரிசி இருக்கும் என்று கொண்டால் இது முக்கால் கிலோ கூட வராது. இரண்டு வரிசை முடிந்தும் மன்னருடைய மூட்டை குறைந்தபாடில்லை.

மூன்றாம் வரிசையில்தான் நிலைமை மாறுகிறது. 21ஆம் கட்டத்துக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட அரிசி, அதாவது சுமார் 21 கிலோ. 26ஆம் கட்டத்துக்கு ஏறத்தாழ 670 கிலோ. பாதிப் பலகை முடியும் 32ஆம் கட்டத்துக்கு மட்டும் 43 டன். ஆனாலும் ஒரு நாட்டு மன்னரால் தர முடியாத அளவு அல்ல இது. 41ஆம் கட்டத்துக்கு 22,000 டன் தேவைப்படும்போது களஞ்சியங்கள் காலியாகின்றன. 56ஆம் கட்டத்துக்கு வேண்டிய 72 கோடி டன், இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசியையே மிஞ்சிவிடும். அதற்குப் பிறகும் எட்டுக் கட்டங்கள் மீதி இருக்கும்.

இப்னு கல்லிகானும் முதலில் இதை நம்பவில்லை. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரு கணக்கர் அவரை நம்பவைத்த முறை கவனிக்கத்தக்கது. அந்தக் கணக்கர் பெரிய எண்களுடன் போராடவில்லை; இடையிடையே அளவை மாற்றிக்கொண்டார். 16ஆம் கட்டத்தின் 32,768 மணிகளை ஒரு சிறு முகத்தலளவையாகக் கொண்டார். அங்கிருந்து மணிகளை விட்டுவிட்டு அளவைகளை இரட்டித்தார். 40ஆம் கட்டத்தில் சேர்ந்ததை ஒரு களஞ்சியம் என்றார். பத்துக் கட்டம் தாண்டினால் 1,024 மடங்கு ஆகும் என்பதால் 50ஆம் கட்டத்துக்கு 1,024 களஞ்சியங்கள் வேண்டும். அத்தனை களஞ்சியங்கள் உள்ள இடத்தை ஒரு நகரம் என்றார். மீதி 14 முறை இரட்டித்தால் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 16,384 நகரங்கள். உலகில் அத்தனை நகரங்கள் உண்டா என்பது அவருடைய கேள்வி.

கடைசிக் கட்டம் இப்படித் தெரிந்துவிட்டது. மொத்தக் கடன் எவ்வளவு? 64 எண்களையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. முதல் மூன்று கட்டங்களைக் கூட்டினால் 1 + 2 + 4 = 7; நான்காவதில் இருப்பது 8. நான்கையும் கூட்டினால் 15. ஐந்தாவதில் இருப்பது 16. எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதில் இருப்பது, அதற்கு முன் வைத்த அனைத்தையும்விட ஒன்று கூடுதல். பாதிப் பலகை வரை தாக்குப்பிடித்த மன்னர் அடுத்த ஒரே கட்டத்துக்கு அதுவரை தந்த அத்தனையையும் மீண்டும் தர வேண்டியிருந்தது இதனால்தான். ஆகவே 64 கட்டங்களின் கூடுதல், பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்தில் ஒன்று குறைவு.

இதையே கணக்காக எழுதினால் காரணமும் புலப்படும். மொத்தத்தை S என்று கொண்டு, அதை இரண்டால் பெருக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுத வேண்டும்:

S = 1 + 2 + 4 + … + 2⁶³
2S = 2 + 4 + … + 2⁶³ + 2⁶⁴

கீழ் வரியிலிருந்து மேல் வரியைக் கழித்தால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டுப் போகும். எஞ்சுவது S = 2⁶⁴ − 1. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்ல ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டே போகும் தொடருக்குப் பெருக்குத் தொடர் என்று பெயர். அந்தப் பெருக்கும் எண் பொது விகிதம். முதல் உறுப்பு a, பொது விகிதம் r, உறுப்புகள் n என்றால் இதே கழித்தல் முறையில் பொதுச் சூத்திரம் கிடைக்கும்:

S = a(rⁿ − 1) / (r − 1)

இங்கே a = 1, r = 2, n = 64. விகிதம் 1 ஆக இருந்தால் வகுஎண் பூச்சியமாகிவிடும் என்பதால் சூத்திரம் செல்லாது. அப்போது எல்லா உறுப்பும் சமம். முதல் உறுப்பை n ஆல் பெருக்கினால் போதும்.

இந்தக் கணக்கில் வழக்கமாக நேரும் பிழை, கடைசிக் கட்டத்தில் 2⁶⁴ என்று எழுதுவது. முதல் கட்டத்தில் ஓர் அரிசி இருக்கிறது. இரட்டிப்பு இரண்டாம் கட்டத்தில்தான் தொடங்குகிறது. எனவே 64ஆம் கட்டத்துக்குள் 63 முறைதான் இரட்டித்திருக்கும். அதில் இருப்பது 2⁶³. விடை சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனையும் உண்டு. முதல் கட்டத்தின் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே இரட்டை எண்கள். ஆகவே மொத்தம் ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். எக்செல் தாளில் இந்தக் கூட்டலைப் போட்டால் 18446744073709600000 என்று வரும். எக்செல் விடையை 15 இலக்கங்களுக்கு முழுதாக்கிக் காட்டி, மீதியைப் பூச்சியமாக நிரப்பியிருக்கிறது என்பதை அந்த இரட்டைப்படை முடிவே காட்டிக்கொடுத்துவிடும்.

துல்லியமான விடை 1,84,46,74,40,73,70,95,51,615 அரிசி. முன்பு கொண்ட கிலோவுக்கு 50,000 என்ற கணக்கில் இது ஏறத்தாழ 36,900 கோடி டன். உலகத்தின் ஓராண்டு அரிசி விளைச்சல் 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். அதில் ஒரு மணிகூட யாரும் உண்ணாமல் வணிகரிடமே சேர்ப்பித்தாலும், மன்னரின் கடன் தீரச் சுமார் 700 ஆண்டுகள் ஆகும்.