இரண்டாம் பக்கத்தில் தேங்கிய கட்டுரைகள்

கூகுளில் ஒரு கேள்வியைத் தட்டினால் முதல் பக்கத்தில் ஏறக்குறைய 10 இணைப்புகள் வரும். வேண்டியது அங்கேயே கிடைத்துவிட்டால் அடுத்த பக்கத்தைத் திறப்பவர்கள் மிகக் குறைவு. 11ஆவது இடத்தில் நிற்கும் கட்டுரை எவ்வளவு உழைத்து எழுதப்பட்டிருந்தாலும் அதைப் படிக்க ஆள் வருவதில்லை. இணையதளம் நடத்தும் பலர் இந்த நிலையைக் கவனிக்காமல் புதிது புதிதாக எழுதிக்கொண்டே போகிறார்கள். ஏற்கெனவே எழுதியவற்றில் எவை முதல் பக்கத்தின் வாசலில் நிற்கின்றன என்பதை கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் அறிக்கையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதில் Performance என்ற பகுதியைத் திறந்தால் நான்கு அளவுகள் இருக்கும். தேடியவர்களின் திரைக்கு உங்கள் இணைப்பு எத்தனை முறை வந்தது என்பது இம்ப்ரெஷன். அதில் எத்தனை முறை தொட்டு உள்ளே வந்தார்கள் என்பது க்ளிக். இரண்டுக்கும் உள்ள விகிதம் மூன்றாவது. நான்காவது Average position, அதாவது தேடல் பட்டியலில் கிடைத்த சராசரி இடம். நான்கையும் தேர்வு செய்துவிட்டு, கீழே Queries அட்டவணையின் வடிகட்டியில் இடம் 10க்கு மேல் என்று கொடுத்து, அந்தப் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கினால் 11, 12, 13 என்று வாசலில் நிற்கும் தேடல்கள் வரிசையாக வந்து நிற்கும்.

பெரும்பாலோர் பிழை செய்வது இதற்கு அடுத்த படியில்தான். இம்ப்ரெஷன் அதிகமுள்ள வரியை எடுத்து உடனே திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

மாடித் தோட்டம் பற்றித் தமிழில் எழுதும் ஓர் இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காக மட்டும். கடந்த 3 மாத அறிக்கையில் மூன்று வரிகள் கண்ணில் படுகின்றன. ‘மாடித் தோட்டம்’ என்ற தேடலில் சராசரி இடம் 14, இம்ப்ரெஷன் 6,000. ‘தக்காளி இலை சுருட்டை’ தேடலில் இடம் 12, இம்ப்ரெஷன் 1,800. மூன்றாவதாக, Pages அட்டவணையில் பஞ்சகவ்யா தயாரிப்புக் கட்டுரை 13ஆம் இடத்தில் இருக்கிறது.

பஞ்சகவ்யாவை முதலில் தள்ளிவிடலாம். Pages அட்டவணையில் தெரிவது அந்தக் கட்டுரை தலைகாட்டிய எல்லாத் தேடல்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. அந்தக் கட்டுரையைத் தொட்டுவிட்டு Queries பக்கம் திரும்பினால், ‘பஞ்சகவ்யா தயாரிப்பது எப்படி’ என்ற முக்கியமான தேடலில் அது 5ஆம் இடத்தில் இருக்கிறது. தொடர்பே இல்லாத சில உரத் தேடல்களில் 40க்குக் கீழே கிடப்பதால்தான் சராசரி 13 ஆனது. அது தேங்கிய கட்டுரையே இல்லை. ஆகவே இடத்தை எப்போதும் ஒரு தேடல், ஒரு கட்டுரை என்று இணைத்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது 6,000 இம்ப்ரெஷன் கொண்ட ‘மாடித் தோட்டம்’. தட்டியவருக்கு என்ன வேண்டும் என்பது இந்தத் தேடலில் தெளிவாக இல்லை. மானிய விலைத் தொகுப்பு தேடுபவர், படம் பார்க்க வந்தவர், பள்ளிக் கட்டுரை எழுதும் மாணவர் எல்லோரும் இதையே தட்டுகிறார்கள். இப்படிப்பட்ட தேடலைத் தனிமறைவுச் சாளரத்தில் தட்டி, முதல் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அரசுத் துறை, பெரிய நாளிதழ்கள், காணொளிகள் என்று பக்கம் நிறைந்திருந்தால் ஒரு சிறு தளம் கட்டுரையைத் திருத்தி மட்டும் அவற்றைத் தாண்டுவது அரிது. இதைப் பட்டியலின் கடைசிக்கு அனுப்புவதே சரி.

மிஞ்சுவது தக்காளி. இங்கே இம்ப்ரெஷன் எப்படி எண்ணப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும். தேடியவர் இரண்டாம் பக்கத்தைத் திறந்தால்தான் அங்குள்ள இணைப்புக்கு இம்ப்ரெஷன் சேரும். முதல் பக்கத்தோடு திரும்பிப் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. இந்த 1,800க்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, முதல் பக்கத்தில் விடை கிடைக்காமல் பலர் இரண்டாம் பக்கம் வரை வந்திருக்கிறார்கள். இல்லையென்றால், சில நாள் கட்டுரை முதல் பக்கத்துக்கே ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டுமே நல்ல அறிகுறிதான். எது உண்மை என்று அறிய, அந்தத் தேடலைத் தொட்டு மேலே உள்ள வரைபடத்தில் இடத்தின் கோட்டைப் பார்க்கலாம். 7க்கும் 18க்கும் இடையே அது தாவினால், முதல் பக்கத்தில் நிற்கும் தகுதி கட்டுரைக்குச் சில நாள்களாவது கிடைத்திருக்கிறது என்று பொருள். மாதக்கணக்கில் 13இலேயே நேர்க்கோடாக இருக்கும் ஒன்றைவிட இதற்கே முன்னுரிமை.

என்ன திருத்துவது என்பதையும் அறிக்கையே காட்டித் தருகிறது. அதே கட்டுரைக்கு வந்த மற்றத் தேடல்களைப் பாருங்கள்: ‘தக்காளி இலை சுருட்டை மருந்து’, ‘தக்காளி இலை ஏன் சுருள்கிறது’, கூடவே thakkali ilai suruttai என்று ஆங்கில எழுத்தில் தட்டியதும். கட்டுரையோ வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லி நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. காரணம் கேட்டு வந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. இலை சுருளப் பல காரணங்கள் உண்டு. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் ஒன்று. இலைப்பேனும் சிலந்திப்பூச்சியும் சாறு உறிஞ்சுவது இன்னொன்று. கடும் வெயிலும் இலையைச் சுருட்டும். வைரஸ் தாக்கிய செடி தேறாது. பிடுங்கி அகற்றிவிட்டு, வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் பொறி வைக்க வேண்டும். வெயிலால் சுருண்ட இலைக்கு நிழல்வலை போதும். எதை எப்படி அடையாளம் காண்பது என்று சொந்தப் படங்களோடு பிரித்துச் சொன்னால் வந்தவர் வேறு இணைப்பைத் தேட வேண்டியதில்லை. தளத்தில் உள்ள பிற தக்காளிக் கட்டுரைகளிலிருந்து இதற்கு இணைப்பும் கொடுக்க வேண்டும். முகவரியை மட்டும் மாற்றவே கூடாது. உள்ளே எதையும் தொடாமல் தேதியை மட்டும் புதிதாக்குவதில் வாசகருக்கும் பயனில்லை.

எவ்வளவு பலன் வரும் என்று கணிக்க யாரோ வெளியிட்ட க்ளிக் விகித அட்டவணை தேவையில்லை. உங்கள் தளத்திலேயே 6 முதல் 8ஆம் இடம் வரை உள்ள தேடல்களில் 100 இம்ப்ரெஷனுக்கு 3 க்ளிக் கிடைக்கிறது என்றால், 1,800க்கு 54. முதல் பக்கத்துக்கு வந்தபின் இம்ப்ரெஷனே பெருகும் என்பதால் இதைக் குறைந்தபட்சக் கணக்காகக் கொள்ளலாம்.

சரிபார்ப்பதிலும் கவனம் வேண்டும். திருத்துவதற்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும், அதே தேடலையும் அதே கட்டுரையையும் வைத்தே ஒப்பிட வேண்டும். கட்டுரை விரிவானதும் புதிய தேடல்கள் வந்து சேர்வதால் மொத்தச் சராசரி இடம் இறங்கியது போலத் தோன்றலாம். அது சரிவு அல்ல. கோடையில் பூச்சித் தேடல்கள் கூடுவது போன்ற பருவ மாற்றத்தைப் பிரித்தறிய, கடந்த ஆண்டின் அதே மாதங்களையும் பார்த்துவிடலாம்; அறிக்கை 16 மாத விவரம் வைத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைப் பெறும் வசதியை கூகுள் நிறுத்தியபோது பல தளங்களில் இம்ப்ரெஷன் திடீரென்று விழுந்தது. அந்த மாதத்தைக் கடக்கும் ஒப்பீடுகளை அப்படியே நம்ப வேண்டாம்.

ஒரே நேரத்தில் பத்துக் கட்டுரைகளைத் திருத்தாமல் இரண்டோ மூன்றோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருத்தம் வேலை செய்தது என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். இரண்டு மூன்று மாதமாகியும் அந்தத் தேடலில் இடம் நகரவில்லை என்றால், முதல் பக்கத்தில் இருப்பவற்றை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றில் இல்லாத ஒன்றை உங்களால் தர முடியாதபோது அந்தக் கட்டுரையை விட்டுவிட்டுப் பட்டியலில் அடுத்ததை எடுப்பதே நல்லது.