பாக்கும் உமிழ்நீரும்

பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. பாக்கு வாயிற் பட்டதும் எச்சில் பெருகுவது ஏன்?

உமிழ்நீர்ச் சுரப்பைத் தன்னாட்சி நரம்புத் தொகுதியே ஆள்கிறது. உணவின் சுவையை உணர்ந்ததும் பரபரிவு நரம்புகள் அசற்றைல்கோலினை வெளிவிடுகின்றன; சுரப்பிகள் நீர்த்த உமிழ்நீரைத் தாராளமாகச் சுரக்கின்றன. அச்சம் மேலிடும்போது இத்தூண்டல் குறைவதால் வாய் வரள்கிறது. பரிவு நரம்புகளின் தூண்டலால் வரும் சிறிதளவு உமிழ்நீரும் தடித்தே இருக்கும்.

பாக்கிலுள்ள அரிக்கோலின், அசற்றைல்கோலினைப் போலவே சுரப்பிகளைத் தூண்டிவிடுகிறது. எச்சில் ஊறினாலும் அங்கே செரிக்க வேண்டிய உணவு இல்லை.

தோட்டத்து ரொட்டியை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிக்கும். காதருகேயுள்ள சுரப்பிகள் மிகுதியாகத் தரும் அமிலேசு நொதியம் மாப்பொருளை மோல்ற்றோசு வெல்லமாக உடைப்பதே காரணம். நாவின் கீழுள்ள சுரப்பிகள் தரும் சீதம் அந்த ரொட்டியை வழுவழுப்பான கவளமாக்குவதோடு, வாயின் மென்சவ்வையும் உராய்விலிருந்து காக்கிறது.

ஆனால் நாள்தோறும் அடக்கிவைக்கும் பாக்கின் முன் சீதப் படலம் போதாது. அரிக்கோலின் சவ்வுக்குள் ஊடுருவி, அடியில் நார்த்திசுவைத் தடிக்கச் செய்கிறது. மிளகாய் பட்டதும் எரிதல் இதன் முதல் அறிகுறி. பின்னர் வாய் திறக்கும் அளவு சுருங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விரல்களை நுழைக்க முடியாவிடின் பல் வைத்தியரை நாட வேண்டும். படிந்த நார் பெரும்பாலும் மறைவதில்லை.

புகையிலையைத் தவிர்த்தாற் போதும் என்பதும் தவறு. பாக்குத் தனித்தே புற்றுநோய்க் காரணி எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியுள்ளது.