தீபாவளி விடுமுறைக் கடிதம்: பையருக்கு எந்தத் தேதியைச் சொல்வது?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பும். ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா என்று எல்லா பையர்களுக்கும் ஒரே கடிதம்தான். மேலே அகல்விளக்குப் படம், அடுத்து தீபாவளி வாழ்த்து, கடைசியில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நிறுவனம் இயங்காது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பையர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம், தன் சரக்கு எப்போது கப்பல் ஏறும் என்பது, அதில் இருக்காது.

அந்தப் பக்கம் கடிதத்தைப் படிப்பவருக்குத் தீபாவளி என்றால் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கும் ஒரு நாள். ஒரு நாள் விடுமுறைக்கு ஏன் ஒன்பது நாள் மூடுகிறார்கள் என்பதே அவருக்குப் புரியாது. பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்கள். மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஒரு ராத்திரி பஸ்ஸில் ஊர் போய்விடலாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களுக்குப் போக மட்டும் இரண்டு மூன்று நாள் ரயில். வருஷ போனஸ் கையில் வருவதும் இந்தச் சமயத்தில்தான். போனஸை வாங்கிக்கொண்டு வருஷத்தில் ஒரு முறை வீட்டுக்குப் போகிறவரை பத்தாம் நாள் காலை எட்டரை மணிக்கு மெஷினில் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்க்கவும் கூடாது.

ஆகவே பண்டிகை உற்பத்தியைத் தொடுவது மூன்று கட்டங்களில். கிளம்பும் அவசரத்தில் ஆள் குறையும் முன்வாரம், கதவு மூடியிருக்கும் வாரம், திறந்த பிறகும் பாதி டேபிள் காலியாக இருக்கும் பின்வாரங்கள். வழக்கமான அறிவிப்பு நடுவில் உள்ளதை மட்டும் சொல்கிறது. டெலிவரியை அதிகம் தள்ளுவது மூன்றாவது.

2025-ஐ எடுத்துக்கொள்வோம். தீபாவளி அக்டோபர் 20, திங்கள். ஒரு கம்பெனி 18-ஆம் தேதி சனிக்கிழமை முதல் 26 ஞாயிறு வரை மூடி, 27 திங்களன்று திறப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் 24,000 டி-ஷர்ட் ஆர்டர். நாளுக்கு 1,500 பீஸ் தைக்கும் லைன். ஞாயிறு விடுமுறை போக 16 வேலைநாள் தையல், கடைசி பீஸ் இறங்கிய பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங், பையர் தரப்பு இன்ஸ்பெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நாள். அக்டோபர் 8-இல் தையல் தொடங்கினால், பண்டிகையே இல்லாத வருஷத்தில் 25-ஆம் தேதி தையல் முடிந்து 29-இல் சரக்கு வெளியேறும்.

இப்போது விடுமுறையைச் சேர்ப்போம். 17-ஆம் தேதி மாலைவரை ஒன்பது வேலைநாளில் 13,500 பீஸ் தைத்தாயிற்று. மீதி 10,500. திறந்ததும் முழு வேகத்தில் ஓடும் என்று நினைத்தால் ஏழு நாளில் முடிந்து, நவம்பர் 6-இல் சரக்கு வெளியேற வேண்டும். அலுவலகத்தில் போடப்படும் கணக்கு பெரும்பாலும் இதுதான், பையருக்குப் போகும் தேதியும் இதுதான்.

லைன் ஓடுவது வேறு விதமாக. திறந்த முதல் வாரம் நூற்றுக்கு 40 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் நாளுக்கு 600 பீஸ், ஆறு நாளில் 3,600. இரண்டாம் வாரம் 75 பேர் என்றால் நாளுக்கு 1,125, வாரத்துக்கு 6,750. அப்போதும் 150 பீஸ் மிச்சம். அது நவம்பர் 10 திங்களுக்குப் போகும். சரக்கு வெளியேறுவது 13-ஆம் தேதி. விடுமுறை தின்றது ஏழு வேலைநாள், ஆள் திரும்பாததால் போனது இன்னொரு வாரம். கப்பல் வாரத்துக்கு ஒன்று என்றால், கட்-ஆஃப் எந்த நாள் என்பதைப் பொறுத்து இந்த இழப்பு இன்னும் வளரலாம்.

40, 75 என்பவை கணக்குக்காக நான் போட்டவை. ஒவ்வொரு கம்பெனிக்கும் தன் எண் வேறு. அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். முந்தைய இரண்டு வருஷத்து வருகைப் பதிவேட்டை எடுத்து, தீபாவளி கழித்துத் திறந்த நாளிலிருந்து பதினைந்து நாள் எத்தனை டேபிளில் ஆள் இருந்தது என்று எண்ணினால் போதும். பீகார் ஆட்கள் அதிகம் உள்ள யூனிட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தீபாவளி கழித்து ஆறு ஏழு நாளில் சத் பூஜை. பீகார்க் குடும்பங்களுக்கு அது தீபாவளியைவிட முக்கியம். 2025-இல் மாலை அர்க்கியம் அக்டோபர் 27 அன்று, அதாவது நம் கணக்கில் கம்பெனி திறக்கும் அதே நாளில். அந்த வருஷம் போதாக்குறைக்கு நவம்பர் 6, 11 தேதிகளில் பீகார் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவும் வந்தது. இவை எதுவும் திடீரென்று முளைத்தவை அல்ல. பூஜைத் தேதி பஞ்சாங்கத்தில் முன்பே இருக்கிறது.

அறிவிப்பு அனுப்பியாயிற்று, இனி தாமதத்துக்குப் பொறுப்பு நம்முடையதல்ல என்று நம்புகிறவர்கள் நிறைய. இந்த நம்பிக்கைதான் பணத்தை விழுங்குகிறது. ஆர்டரில் ஒப்புக்கொண்ட டெலிவரி தேதியை ஒரு வாழ்த்துக் கடிதம் மாற்றாது. பையர் எழுத்தில் சம்மதித்தால்தான், அல்லது ஆர்டரைத் திருத்திக் கொடுத்தால்தான் தேதி மாறும். இல்லையென்றால் பழைய தேதியே நிற்கும், தாமதத்துக்கு விலையில் தள்ளுபடி கேட்பார்கள், அல்லது சரக்கை விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள். டி-ஷர்ட்டில் கிடைக்கும் லாபம் விமானச் செலவுக்குக் காணாது.

லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் வியாபாரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உலகெங்கும் வங்கிகள் பின்பற்றும் யுசிபி 600 விதிகளின் 29-ஆவது பிரிவு, ஆவணம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாள் வரை இடம் தருகிறது. அதே பிரிவு, சரக்கு ஏற்ற வேண்டிய கடைசி நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. கடைசி ஷிப்மென்ட் தேதி நவம்பர் 8 என்றிருந்து கப்பலில் ஏறியது 15 என்றால், ஆவணத்தில் முரண்பாடு என்று வங்கி பணத்தை நிறுத்த முடியும். விடுமுறைக்கு முன்பே எல்சியைத் திருத்தி வாங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? வாழ்த்து முதலில் வரட்டும், இரண்டு வரி போதும். மூடும் காரணத்தை இன்னும் இரண்டு வரியில் சொல்லலாம். மீதி முழுக்க அந்த பையரின் ஆர்டரைப் பற்றியதாக இருக்க வேண்டும். மேலே சொன்ன ஆர்டருக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“உங்களுக்கும் உங்கள் குழுவினருக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்துகள். எங்கள் தொழிலாளர்களில் பலர் வருஷத்துக்கு ஒரு முறை இப்போதுதான் தொலைதூர ஊர்களுக்குப் போகிறார்கள். அதனால் தொழிற்சாலை 2025 அக்டோபர் 18 சனி முதல் 26 ஞாயிறு வரை மூடியிருக்கும். அக்டோபர் 27 திங்களன்று குறைந்த ஆட்களுடன் திறக்கும். நவம்பர் இரண்டாம் வாரத்தில்தான் முழு உற்பத்தி இருக்கும். உங்கள் 24,000 டி-ஷர்ட் ஆர்டரில் 9,000 பீஸை அக்டோபர் 17 அன்று அனுப்புகிறோம். மீதி 15,000 பீஸ் நவம்பர் 13 அன்று தொழிற்சாலையிலிருந்து வெளியேறும். இந்த இரண்டு தேதிகளுக்கும் உங்கள் சம்மதத்தையும், திருத்திய ஆர்டரையும் ஆகஸ்ட் 29-க்குள் அனுப்ப வேண்டுகிறோம். விடுமுறையில் ஆவணம், கப்பல் சம்பந்தமான கேள்விகளுக்கு எங்கள் ஷிப்பிங் மேலாளர் தினமும் பதில் சொல்வார்.”

9,000 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அக்டோபர் 14 மாலைவரை ஆறு வேலைநாளில் தைத்தது அது. அடுத்த மூன்று நாளில் செக்கிங், பேக்கிங் முடித்து 17 அன்று ராத்திரி லாரியில் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடலாம். அங்கிருந்து ஃபீடர் கப்பலில் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறும். பையரின் கடையில் அலமாரி காலியாக இருக்காது. பிரித்து அனுப்புவதற்கு எல்சியில் தடை இல்லையா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதியை எழுதும் விதமும் சின்ன விஷயமல்ல. 10/11 என்று போட்டால் ஐரோப்பியர் நவம்பர் 10 என்று படிப்பார், அமெரிக்கர் அக்டோபர் 11 என்று படிப்பார். மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

ஷிப்பிங் மேலாளரைப் பற்றிய கடைசி வரி பலர் விட்டுவிடுவது. செப்டம்பரில் கிளம்பிய சரக்கு, இங்கே எல்லாரும் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும் நாளில் அங்கே துறைமுகத்தில் இறங்கலாம். ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் போய்ச் சேராமலோ, டெலெக்ஸ் ரிலீஸ் கொடுக்க ஆளில்லாமலோ போனால் கன்டெய்னர் அங்கேயே கிடக்கும், நாள் வாடகை ஏறும். உற்பத்தி நின்றாலும் ஆவண மேசை நிற்கக் கூடாது.

எப்போது அனுப்புவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பத்து நாள் முன்னால் அனுப்பும் கடிதத்தால் யாருக்கும் பயனில்லை. துணி நிட்டிங்கில் இருக்கிறது, கப்பலில் இடம் பதிவாகிவிட்டது, பையரும் தன் கடைகளுக்குத் தேதி சொல்லிவிட்டார். ஆர்டர் பேசும்போதே விடுமுறைத் தேதியைச் சொல்லிவிட வேண்டும். ஆர்டர் வாரியாகச் சம்மதம் கேட்கும் கடிதம் இரண்டு மாதம் முன்னால் போக வேண்டும். மூன்று வாரம் இருக்கும்போது, சரக்கு நிலவரத்துடன் ஒரு நினைவூட்டல். பண்டிகையன்று போவது வெறும் வாழ்த்தாக, தேதியோ வேண்டுகோளோ கலக்காததாக இருக்கட்டும். அதைத்தான் பையரும் மகிழ்ச்சியோடு படிப்பார்.

தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8 ஞாயிறு. போன வருஷக் கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2026-இல் சத் பூஜை நவம்பர் 15, அதுவும் ஞாயிறு. அந்த ஆண்டுக்கான சம்மதக் கடிதம் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பையரின் மேசையில் இருக்க வேண்டும்.